வஅலைக்குமுஸ்ஸலாம்: காணாமல் போகும் ஓர் அலிஃப்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வகுப்பறையை விட்டு வந்து வருடங்கள் ஆனாலும் சில விஷயங்களில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அப்படி ஒன்று, நாம் பிள்ளைகளுக்கு அரபி சொல்லிக்கொடுக்கும்போது "அங்கே ஓர் அலிஃப் இருக்கு, அது ஊமை, விட்டுடு" என்று ஒரே வரியில் கடந்துபோவது. அந்த அலிஃப் ஊமை இல்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. வேலை இருக்கும்போது வாய் திறக்கும், வேலை முடிந்தால் இடத்தைக் காலி செய்யும். இதைச் சொல்லித் தராததால்தான் நம் பிள்ளைகள் ஓதுவதிலும் பேசுவதிலும், ஏன் தங்கள் சொந்தப் பெயரை எழுதுவதிலும்கூடத் தடுமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

அரபி தெரியாத என் மாணவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கவலை வேண்டாம். தமிழ் இலக்கணத்தில் நிலைமொழி, வருமொழி என்று படித்தது நினைவிருந்தால் போதும். அதுவும் மறந்திருந்தால், முன்னால் நிற்கும் சொல், பின்னால் வரும் சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காதில் விழும் ஒரு சலாமை எடுத்துக்கொள்வோம். ஒருவர் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்கிறார். மற்றவர் "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்கிறார். இரண்டிலும் இருப்பது அதே "அஸ்ஸலாம்"தான். முதல் ஆள் வாயில் அது "அ" என்று தொடங்கியது. இரண்டாம் ஆள் வாயில் அந்த "அ" எங்கே போனது? அதற்குப் பதிலாக நடுவில் "மு" என்று ஓர் உகரம் எங்கிருந்து வந்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால், இன்றைய பாடத்தில் முக்கால்வாசி முடிந்தது.

முதல் கேள்வி. அரபியில் ஓர் அசை இரண்டு மெய்யொலிகளோடு தொடங்க முடியாது. "ஸ்ஸலாம்" என்று யாராலும் நேரடியாகத் தொடங்க முடியாது, நாக்குக்கு ஒரு பிடிமானம் வேண்டும். நம் ஊரிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்கூலை இஸ்கூல் என்கிறோம். ஸ்டேஷனை இஸ்டேஷன் என்கிறோம். ராமனை இராமன் என்றும், லாபத்தை இலாபம் என்றும் எழுதுகிறோம். அந்த "இ" சொல்லுக்குச் சொந்தமானதல்ல, நாக்கு ஏறுவதற்குப் போட்ட படிக்கட்டு. அரபியின் இணைப்பு அலிஃபும் அப்படி ஒரு படிக்கட்டுதான். ஒரு வித்தியாசம்: நாம் "இராமன்" என்று எழுதிவிட்டால் அந்த "இ" எங்கும் கூடவே வரும். அரபியில் முன்னால் ஏதாவது ஓர் உயிரொலி கிடைத்துவிட்டால், அதையே பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். படிக்கட்டு தேவையில்லை. அலிஃப் எழுத்தில் அப்படியே நிற்கும், ஒலியில் இருக்காது.

இரண்டாவது கேள்வி. "அலைக்கும்" என்ற சொல் மெய்யில் முடிகிறது. அடுத்து வரும் "ஸ்ஸலாம்" மெய்யில் தொடங்குகிறது. பிடித்துக்கொள்ள முன்னால் உயிர் இல்லை. அப்போது அலிஃப் திரும்பி வருவதில்லை. முன்சொல்லின் கடைசி மெய்யே ஓர் உயிரை ஏற்றுக்கொள்கிறது: "அலைக்குமு." அசை பிரித்துச் சொல்லிப் பாருங்கள்: வ, அ, லை, கு, முஸ், ஸ, லாம். முன்சொல்லின் கடைசி எழுத்தும் பின்சொல்லின் முதல் எழுத்தும் "முஸ்" என்று ஒரே அசைக்குள் வந்துவிட்டன. அதனால்தான் இதற்கு "வஸ்ல்", அதாவது இணைப்பு, என்று பெயர். இலக்கணக்காரர்கள் இந்த அலிஃபை "ஹம்ஸத்துல் வஸ்ல்" என்பார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே பாடம் இருக்கிறது: ஹம்ஸத்து என்பதும் அல்வஸ்ல் என்பதும் சேர்ந்து, "அ" விழுந்து, ஹம்ஸத்துல் வஸ்ல் ஆகியிருக்கிறது.

இதற்கு எதிரான இன்னொன்றும் உண்டு. அது "ஹம்ஸத்துல் கத்உ", வெட்டு அலிஃப். தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்கும் உண்மையான மெய்யெழுத்து அது. எங்கே வந்தாலும் ஒலிக்கும், விழாது. "அல்லாஹு அக்பர்" என்பதில் அக்பரின் "அ" இந்த வகை. முன்னால் "ஹு" என்று உயிர் இருந்தும் அது மறைவதில்லை. ஒரு சிறு வெட்டு விட்டு "அல்லாஹு, அக்பர்" என்றே சொல்ல வேண்டும்.

இப்போதுதான் தமிழ் வாய்க்கு வரும் சோதனை. தமிழில் இரண்டு உயிர் சந்தித்தால் நாம் என்ன செய்வோம்? திரு என்பதும் ஆரூர் என்பதும் திருவாரூர் ஆகும். மணி என்பதும் அடித்தது என்பதும் மணியடித்தது ஆகும். நடுவில் ஒரு வகரமோ யகரமோ போட்டு இரண்டு உயிரையும் காப்பாற்றுவோம். இல்லையென்றால் காசு, இல்லை என்பதைக் காசில்லை என்று சேர்ப்போம். அங்கே விழுவது முன்சொல்லின் உகரம், பின்சொல்லின் உயிர் பிழைத்துக்கொள்ளும். அரபி இதற்கு நேர்மாறு: முன்சொல்லின் உயிர் பிழைக்கும், பின்சொல்லின் அலிஃப் விழும். நடுவில் யகரமும் கிடையாது, வகரமும் கிடையாது.

இந்தப் பழக்கத்தை நாம் அறியாமலே அரபிக்குள் கொண்டுபோகிறோம். "அல்லாஹு அக்பர்" பலர் வாயில் "அல்லாஹுவக்பர்" ஆகிறது. அது திருவாரூரின் வகரம். "வீட்டில்" என்பதற்கான "ஃபில் பைத்" சிலர் வாயில் "ஃபீயல் பைத்" ஆகிறது. அது மணியடித்ததின் யகரம். முதலாவதில் வெட்டு அலிஃபை அழித்தோம், இரண்டாவதில் இணைப்பு அலிஃபை உயிரோடு வைத்தோம். சலாமுக்குச் சொல்லும் பதிலிலும் இப்படியே நடக்கிறது. "வலைக்கும்" என்று சேர்த்துச் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கே "அலைக்கும்" என்பதன் முதலெழுத்து அலிஃபே அல்ல, "ஐன்" என்ற தொண்டை மெய். அது விழவே கூடாது. ஆனால் விழ வேண்டிய இடத்தில் "வலைக்கும் அஸ்ஸலாம்" என்று "அ"வை வைத்துக்கொள்கிறார்கள். நிற்க வேண்டியது விழுந்தது, விழ வேண்டியது நின்றது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்ச் சந்தி அவன் நாக்கில் இயல்பாக ஓடுகிறது. அரபிச் சந்தி வேறு என்று எடுத்துச் சொல்ல வேண்டியது சொல்லித் தருபவரின் வேலை.

சரி, எந்த அலிஃப் இணைப்பு, எந்த அலிஃப் வெட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியல் நீளம் இல்லை. "அல்" என்ற முன்னொட்டு முதலாவது, அதுதான் பத்துக்கு ஒன்பது தடவை நம் முன்னால் வரும். பிறகு கைப்பிடி அளவு பெயர்ச்சொற்கள்: இஸ்ம் (பெயர்), இப்ன் (மகன்), இம்ரஆ (பெண்), இஸ்னான் (இரண்டு) போன்றவை. பிறகு "எழுது", "திற", "உட்கார்" போன்ற எளிய ஏவல் வினைகள். கடைசியாக, இஸ்தக்பல (வரவேற்றான்), இஜ்தமஅ (கூடினான்) போன்ற நீண்ட வினைகளும் அவற்றின் தொழிற்பெயர்களும்.

ஏவல் வினையில் இந்த அலிஃப் பிறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். "நீ எழுதுகிறாய்" என்பது "தக்துபு". முன்னால் உள்ள "த"வை எடுத்துவிட்டு, கடைசி உயிரையும் நீக்கினால் ஏவல் கிடைக்கும். மிஞ்சுவது "க்துப்". இதை யார் சொல்ல முடியும்? எனவே படிக்கட்டு போடுகிறார்கள்: "உக்துப்", எழுது. உள்ளே "து" என்று உகரம் இருப்பதால் படிக்கட்டும் உகரம். "தஃப்தஹு" (திறக்கிறாய்) என்பதில் உள்ளே உகரம் இல்லை, அதனால் படிக்கட்டு இகரம்: "இஃப்தஹ்", திற. முன்னால் "வ" (மேலும், உம்) வந்துவிட்டால் படிக்கட்டு போய்விடும்: "வக்துப்", "வஃப்தஹ்".

இந்த "வ"தான் நான் வகுப்பில் எப்போதும் கொடுத்த உரைகல். சந்தேகம் வந்தால் சொல்லுக்கு முன்னால் "வ" போட்டுச் சொல்லிப் பாருங்கள். "இஸ்ம்" என்பது "வஸ்ம்" ஆகிவிடும், ஆகவே இணைப்பு. "அக்" (சகோதரன்) என்பது "வ அக்" என்றே நிற்கும், ஆகவே வெட்டு. "இஸ்லாம்" என்பதும் "வ இஸ்லாம்" என்றே நிற்கும், "வஸ்லாம்" ஆகாது. இஸ்ம், இஸ்லாம் இரண்டும் தமிழில் ஒரே "இஸ்" என்று தொடங்குகின்றன, ஆனால் ஜாதி வேறு. ஆனால் ஒன்று: இந்த உரைகல், சரியான உச்சரிப்பை ஒரு தடவையாவது காதால் கேட்டவர்களுக்குத்தான் உதவும். கண்ணால் மட்டும் படித்தவருக்கு "வ" போட்டாலும் எது சரி என்று தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு சொல்லையும் தனியாக ஒரு தடவை, "வ"வோடு ஒரு தடவை, இரண்டு உருவத்திலும் முதல் நாளே வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இதில் தடுமாறுவது நாம் மட்டுமல்ல. "இஸ்திக்பால்" (வரவேற்பு) என்ற சொல்லின் அலிஃப், இணைப்பு வகை. அதன்மேல் ஹம்ஸா குறி வரக்கூடாது. ஆனால் அரபு நாட்டு அலுவலகப் பலகைகளிலேயே அந்தக் குறியோடு எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அரபி இதழாசிரியர்கள் அடிக்கடி திருத்தும் பிழைகளில் இது ஒன்று.

எழுத்தில் அடையாளம் உண்டா என்றால், உண்டு. மதீனாவில் அச்சாகும் குர்ஆன் பிரதிகளில் இணைப்பு அலிஃபின் தலைமேல் குட்டியாக ஒரு "ஸாத்" எழுத்தின் தலை இருக்கும். அது "வஸ்ல்" என்ற சொல்லின் நடு எழுத்து. நம் பக்கம் புழங்கும் பிரதிகளில் அந்தக் குறி இருக்காது. நடுவில் வரும் இணைப்பு அலிஃப் எந்தக் குறியும் இல்லாமல் மொட்டையாக நிற்கும். மொட்டை அலிஃப் கண்டால் முந்தின எழுத்தின் உயிரோடு நேரே அடுத்த மெய்க்குப் போங்கள். மூச்சு வாங்க முந்தின சொல்லில் நிறுத்திவிட்டீர்களா? அப்போது முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லை, படிக்கட்டு மறுபடி வேண்டும், அலிஃபைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். நிறுத்தினால் பிழைக்கும், தொடர்ந்தால் மறையும்.

இனி இணைக்கும் உயிரைப் பார்ப்போம். மூன்று நிலைதான்.

முன்சொல் குற்றுயிரில் முடிந்தால் சிக்கலே இல்லை. அந்த உயிர் அப்படியே இணைக்கும். பிஸ்மில்லாஹ் என்பதைப் பிரித்துப் பாருங்கள்: பி, இஸ்மி, அல்லாஹ். பி என்ற உயிரைப் பிடித்து இஸ்மின் "இ" விழுந்தது. "மி" என்ற உயிரைப் பிடித்து அல்லாஹ்வின் "அ" விழுந்தது. ஒரு சிறு தொடரில் இரண்டு அலிஃப்கள் மறைந்திருக்கின்றன. இன்னும் ஒரு நுட்பம்: முன்னால் இகரம் வந்தால் அல்லாஹ்வின் லகரம் மெலிதாக ஒலிக்கும். அகரமோ உகரமோ வந்தால் கனமாக ஒலிக்கும். பிஸ்மில்லாஹ்வையும் அப்துல்லாஹ்வையும் அடுத்தடுத்துச் சரியாக ஓதுபவரிடம் கேட்டுப் பாருங்கள், லகரம் மாறுவது தெரியும்.

முன்சொல் நெட்டுயிரில் முடிந்தால் அது குறுகும். மூடிய அசைக்குள் நெடில் வருவதை அரபி பொதுவாக விரும்பாது. "ஃபீ" என்பதும் "அல்பைத்" என்பதும் சேர்ந்தால் ஃபில் பைத். எழுத்தில் "ஃபீ"யின் நெடில் அப்படியே இருக்கும், வாயில் குறிலாகிவிடும். இதற்கு நமக்குத் தெரிந்த சான்று பெயர்களில் உண்டு. "அபூ" என்றால் தந்தை. அபூபக்கர் என்னும்போது நெடில் நிற்கிறது, ஏனெனில் பின்னால் "அல்" இல்லை. அபுல் கலாம் ஆசாத் என்னும்போது "பூ" குறுகிப் "பு" ஆகிவிட்டது, ஏனெனில் பின்னால் வந்தது "அல்கலாம்".

முன்சொல் மெய்யில் முடிந்தால் அந்த மெய் ஓர் உயிரை ஏற்கும். பொதுவாக அது இகரம். "கதவைத் திற" என்பதற்கு இஃப்தஹ், அல்பாப் இரண்டையும் சேர்த்தால் "இஃப்தஹில் பாப்". முன்னால் "வ"வும் சேர்ந்தால் "வஃப்தஹில் பாப்", இரண்டு அலிஃபும் போய்விட்டன. "ஸைதுன்" என்று னகரத்தில் முடியும் பெயருக்குப் பின் "அல்கரீம்" வந்தால் "ஸைதுனில் கரீம்". நம் பக்கத்துக் குர்ஆன் பிரதிகளில் இப்படிப்பட்ட இடத்தில் அலிஃபுக்குக் கீழே ஒரு குட்டி "நூன்" போட்டிருப்பார்கள், பலர் அதை அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இகரத்துக்கு விலக்கு இரண்டு நினைவில் வைத்தால் போதும். "மின்" (இருந்து) என்பது "அல்"லுக்கு முன் அகரம் ஏற்கும்: மினல் பைத், வீட்டிலிருந்து. "கும்", "ஹும்" போன்ற பன்மை விகுதிகள் உகரம் ஏற்கும். நம் "அலைக்குமுஸ்ஸலாம்" அந்தக் கணக்கு.

"அஸ்ஸலாம்" என்பதில் "ல்" எங்கே போனது என்று யாராவது கேட்பீர்கள். அது வேறு கதை. "அல்"லின் லகரம் சில எழுத்துகளுக்கு முன் அந்த எழுத்தாகவே மாறிவிடும். அரபியின் இருபத்தெட்டு எழுத்துகளில் பதினான்குக்கு இப்படி நடக்கும். அது லகரத்தின் பாடு. அலிஃப் மறைவது எல்லா எழுத்துக்கும் முன்னால் நடக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பிள்ளைகளுக்கு இரண்டுமே விளங்காமல் போகிறது.

கடைசியாக, இதை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நம் பெயர்கள். "அப்துல்" என்று ஒரு பெயர் அரபியில் இல்லை. "அப்து" என்றால் அடிமை. "அல்கரீம்" என்றால் அந்தக் கொடையாளன், அதாவது இறைவன். இரண்டும் சேர்ந்து, நடு அலிஃப் விழுந்து, அப்துல்கரீம். இதில் "உ" முன்சொல்லுக்குச் சொந்தம், "ல்" பின்சொல்லுக்குச் சொந்தம். "அப்துல்" என்று வெட்டினால் "அந்த ... இன் அடிமை" என்று பாதியில் தொங்குகிறது. யாருடைய அடிமை என்ற கேள்விக்குப் பதில் வரும் முன்னே பெயர் முடிந்துவிடுகிறது. "உல்" என்றும் ஒரு சொல் இல்லை. இன்சமாம் உல் ஹக் என்று நாம் கிரிக்கெட் பார்த்துப் பழகிய பெயரில் இருக்கும் "உ" இன்சமாமின் வால்தான்.

அந்த உயிர் மாறவும் செய்யும். தொடரில் எழுவாயாக நின்றால் அப்துல்லாஹ். கூப்பிட்டால் "யா அப்தல்லாஹ்". "இப்னு" என்பதற்குப் பின் வந்தால் "இப்னு அப்தில்லாஹ்". மூவரும் ஒரே ஆள்தான், வேற்றுமை மாறியிருக்கிறது. இன்றைய பேச்சு அரபியில் வேற்றுமை உயிர்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. அதனால் பல வட்டாரங்களில் "அப்தல்லா" என்றே கேட்பீர்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் "அவர்களே தப்பாகச் சொல்கிறார்கள் சார்" என்று எனக்கு எழுதியதுண்டு. தப்பில்லை. இணைக்கும் உயிர் வேறாகியிருக்கிறது, அலிஃப் மறைவது மட்டும் அங்கேயும் மாறவில்லை. எந்த வட்டாரத்திலும் "ஃபீ அல்பைத்" என்று பிரித்துப் பேசுபவர்களைப் பார்க்க மாட்டீர்கள்.

பெயரை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டத்தில் பிரித்துப் போடும் விண்ணப்பங்களில் "அப்துல்" ஒரு கட்டத்திலும் "கரீம்" இன்னொரு கட்டத்திலும் போய் விழுகிறது. ஒரு சான்றிதழில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் ஒரு மாதிரி. பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. "அப்த் அல் கரீம்" என்று பிரித்து எழுதும் முறை ஆராய்ச்சி நூல்களில் உண்டு. அது சொல்லின் எல்லையைக் காட்ட எழுதுவது, அப்படியே வாசிப்பதற்கல்ல. நம் வீட்டுக்கு நான் சொல்லும் யோசனை எளிது: பிறப்புச் சான்றிதழ் எழுதும்போதே அப்துல்கரீம், அப்துர்ரஹ்மான், நூருல்ஐன் என்று இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். ஒலி சேர்ந்திருக்கிறது, எழுத்தும் சேர்ந்திருக்கட்டும். ஏற்கெனவே பிரித்துப் பதிந்துவிட்டவர்கள் இதற்காக மாற்றப் போக வேண்டாம், இருக்கும் ஆவணங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். ஆனால் கூப்பிடும்போது "அப்துல்" என்று பாதியில் நிறுத்தாதீர்கள். முழுப் பெயர் நீளமாகத் தெரிந்தால் செல்லமாக வேறு பெயர் வையுங்கள், நம் வீடுகளில் அதற்கா பஞ்சம்.

பேரப்பிள்ளைகளுக்கு அரபி சொல்லிக்கொடுக்கும் என் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைய பாடத்தில் ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றையும் தனியாக ஒரு தடவை, "வ"வோடு ஒரு தடவை, "ஃபீ"யோடு சேர வாய்ப்பிருந்தால் அதோடு ஒரு தடவை சொல்லவையுங்கள். பைத், வல்பைத், ஃபில் பைத் என்று ஒரு வாரம் பாடிக்கொண்டிருந்தால், "ஊமை அலிஃப்" என்று ஒரு பாடம் நடத்தவே தேவை இருக்காது.

வஸ்ஸலாம். பார்த்தீர்களா, இதிலும் ஓர் அலிஃப் போய்விட்டது.